செங்கோட்டைக் கடையில் ஆர்டர் எழுதுவதும் பில் போடுவதும்: அடுத்து உட்காருபவருக்கு ஒரு குறிப்பு

"அக்கா, வருகிற ஒன்றாம் தேதி முதல் உங்கள் நாற்காலியில் நான் உட்காரப் போகிறேன். டாலியில் பில் போடத் தெரியும். ஆனால் இரும்புக் கடை எனக்குப் புதிது, கேரளத்து ஆர்டரும் புதிது. ஆர்டர் எடுப்பதில் தொடங்கி வண்டி கிளம்புவது வரை எப்படி நடக்கிறது என்று எழுதித் தர முடியுமா?"

தம்பி, இந்தக் கடையில் பதினொரு ஆண்டு பில் போட்டிருக்கிறேன். தவறிப்போன பில்களை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஆர்டர் எழுதிய நிமிடத்திலேயே தவறியிருக்கின்றன. அதனால் டாலிக்குப் போகும் முன் மேசையின் இடதுபக்கம் இருக்கும் ஆர்டர் சீட்டுக் கட்டைப் பற்றிச் சொல்கிறேன். கார்பன் வைத்து இரண்டு படி எழுதுகிறோம். மேல் படி கிட்டங்கிக்குப் போகும், கீழ்ப் படி நம்மிடம் இருக்கும். தொலைபேசியில் வந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்தாலும் அண்ணாச்சி வாயால் சொன்னாலும், சீட்டில் ஏறாத எதுவும் ஆர்டர் ஆகாது. அண்ணாச்சிக்கே இந்த விதி பொருந்தும். அவர் சொல்லிவிட்டு நகர்வதற்குள் எழுதி அவரிடமே வாசித்துக் காட்டுங்கள், கோபிக்க மாட்டார்.

சீட்டில் பொருள் பெயருக்கு முன்பே மூன்று விஷயம் எழுதிவிடுங்கள்: பில் யார் பெயருக்கு, சரக்கு எங்கே இறங்கும், எந்தத் தேதியில் வேண்டும். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் பொருளில்தான் பேச்சைத் தொடங்குவார்கள். "அரை இன்ச் பைப் இருக்கிறதா" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசுவார்கள். பேச விடுங்கள். ஆனால் வைப்பதற்கு முன் இந்த மூன்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். சரக்கு இறங்கும் இடத்தைத் தெரிந்துகொள்வது வண்டிக்காரருக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பில்லில் எந்த வரி என்பதும் அதில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

தேதியில் ஒரு மொழிச் சிக்கல் உண்டு. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரை நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். புனலூர்ப் பக்கத்திலிருந்து வரும் அழைப்புகள் மலையாளத்தில் வரும். அவர்கள் "மற்றன்னாள்" என்றால் நாளைக்கு மறுநாள் என்று பொருள். நம் காதுக்கு அது "மறுநாள்" என்று விழும். ஒரு நாள் முன்னதாகப் போன வண்டி, ஆள் இல்லாத கட்டடத்தின் முன் அரைநாள் நின்றுவிட்டுச் சரக்கோடு திரும்பி வந்திருக்கிறது. அதனால் சீட்டில் "நாளை" என்றோ "மறுநாள்" என்றோ எழுதாதீர்கள். "14, செவ்வாய்" என்று தேதியும் கிழமையும் எழுதி, அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்.

குழாய் அளவும் அப்படித்தான். முக்கால், ஒன்றேகால், ஒன்றரை ஆகிய மூன்றும் இரு மொழியிலும் ஏறக்குறைய ஒரே ஒலி. மலைப் பகுதியில் கோபுரச் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது "ஒன்றே" வரை கேட்கும், மீதி கேட்காது. "ஒன்றும் காலுமா, ஒன்றும் அரையுமா" என்று பிரித்துக் கேளுங்கள். சீட்டில் 1¼, 1½ என்று எண்ணில் எழுதுங்கள். குழாயை அடியில் கேட்டால் எத்தனை குழாய் என்று மாற்றி எழுத வேண்டும். நம்மிடம் உள்ள கழிவுநீர்க் குழாய் 20 அடி நீளம், வீட்டுக்குள் தண்ணீர் ஓடும் வெள்ளைக் குழாய் 10 அடியிலும் உண்டு. "நூறு அடி" என்று மட்டும் எழுதி கிட்டங்கிக்கு அனுப்பினால், ஏற்றுகிறவர் தன் மனதுக்குத் தோன்றியதை ஏற்றுவார்.

இனி கம்பி. இரும்புக் கடைக்குப் புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். வாடிக்கையாளர் எண்ணிக்கையில் கேட்பார், நாம் எடையில் விற்கிறோம். கொத்தனார் அவரிடம் "10 எம்.எம். நாற்பது கம்பி" என்று சொல்லியிருப்பார், அதையே அவர் நம்மிடம் சொல்வார். ஒரு கம்பி 12 மீட்டர் நீளம். அதன் எடையைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. கம்பியின் விட்டத்தை எம்.எம்.மில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும்.

```
10 × 10 ÷ 162 = 0.617
0.617 × 12 = 7.4
```

அதாவது 10 எம்.எம். கம்பி ஒன்று 7.4 கிலோ. இதே கணக்கில் 8 எம்.எம். 4.74 கிலோ, 12 எம்.எம். 10.67 கிலோ. இந்த மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி கணினித் திரையின் கீழ் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் அட்டை தேவைப்படாது.

ஆனால் இது சூத்திர எடை. ஆலையிலிருந்து வரும் கம்பி சற்றுக் குறைந்தோ கூடியோ இருக்கும். இந்தியத் தர நிர்ணயமே 10 எம்.எம். வரையுள்ள கம்பிக்கு 7 விழுக்காடு வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. ஆகவே ஆர்டர் சீட்டில் எண்ணிக்கையை எழுதுங்கள், பக்கத்தில் உத்தேச எடையை எழுதுங்கள், பில்லில் மட்டும் எடைமேடை தந்த எடையை எழுதுங்கள். உத்தேச எடைக்கு ஒருபோதும் பில் போடாதீர்கள். வாங்குகிறவர் அவர் ஊர் எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பார். ஐந்து கிலோ குறைந்தாலும் அடுத்த ஆர்டர் வராது.

எடைச் சீட்டு கைக்கு வந்ததும் உடனே தட்டச்சு செய்துவிடாமல் ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். 40 கம்பி 290 கிலோ என்று வந்தால் ஒன்று 7.25 கிலோ. இது சரி. ஒருமுறை 40 கம்பிக்கு 260 கிலோ வந்தது. ஒன்று ஆறரைக் கிலோ என்றாகிறது. அவ்வளவு மெலிந்த கம்பியை நாம் வாங்குவதே இல்லை. லோடுமேனைக் கூப்பிட்டு மறுபடி எண்ணச் சொன்னேன், 36 கம்பிதான் ஏறியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, நான்கு கம்பி கொண்ட ஒரு கட்டு சுவரோரம் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. அந்த ஒரு வகுத்தல் இல்லாமல் போயிருந்தால் பில் எடைப்படி சரியாகவே இருந்திருக்கும், ஆனால் கான்கிரீட் போடும் நாளில் அங்கே நான்கு கம்பி குறைந்திருக்கும்.

இப்போது டாலிக்கு வருகிறேன். சீட்டு எழுதி முடித்ததும் `Ctrl+F8` அழுத்தி `Sales Order` போடுங்கள். நம் சீட்டின் எண்ணையே `Order No.` என்ற இடத்தில் போடுகிறோம். கம்பிக்கு அலகு கிலோ என்று வைத்திருப்பதால் உத்தேச எடையை அளவாகப் போட்டு, பொருளின் கீழே உள்ள விளக்க வரியில் "40 எண்ணம்" என்று சேருங்கள். பிறகு சரக்கு ஏறி எடை வந்த பின், வண்டி வாசலைத் தாண்டும் முன், `F8` அழுத்தி பில். சரக்கு இடம் விட்டு நகரும் நேரத்திலாவது பில் இருக்க வேண்டும் என்பது சட்டம். "வண்டி போகட்டும், பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் வண்டியை நிறுத்துங்கள்.

பில் போடும்போது ஆர்டர் எண்ணைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இதை மறந்தாலும் பில் சரியாகவே அச்சாகும், வரியும் சரியாக இருக்கும், பணமும் வரும். ஆர்டர் மட்டும் டாலியில் நிலுவையாகவே நிற்கும். மறுநாள் நிலுவைப் பட்டியலைப் பார்த்துக் கிட்டங்கியில் அதே சரக்கை மறுபடி ஏற்றுவார்கள். நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் தென்மலைக்கு 25 நான்கங்குலக் குழாய் இரண்டு முறை போனது அப்படித்தான். வாங்கியவர் நல்லவர், அவரே கூப்பிட்டுச் சொன்னார். வண்டி வாடகை நமக்கு இரட்டிப்பாகியது.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. உத்தேச எடை 296 கிலோ, பில் 290 கிலோ என்றால் மீதி 6 கிலோ நிலுவையில் தொங்கும். 40 கம்பியும் போய்விட்டது, அந்த 6 கிலோ என்பது இல்லாத சரக்கு. பில் முடிந்ததும் ஆர்டரைத் திறந்து அளவை 290 என்று திருத்திவிடுங்கள். இதை அன்றன்றே செய்யாவிட்டால் மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் முழுவதும் 6 கிலோவும் 4 கிலோவுமாக நிரம்பி, உண்மையில் அனுப்ப வேண்டியது எது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். ஆனால் 40-இல் 30 கம்பிதான் போயிருக்கிறது என்றால் மீதிப் பத்துக்கு உரிய 74 கிலோ நிலுவையில் நிற்க வேண்டும். எதைத் திருத்த வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை அந்த விளக்க வரியில் எழுதிய எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்காகத்தான் அதை எழுதச் சொன்னேன்.

அடுத்தது வரி. நம் பொருட்களான கம்பி, குழாய், பெயின்ட், சிமென்ட் எல்லாவற்றுக்கும் இப்போது 18 விழுக்காடுதான். சிமென்ட் 2025 செப்டம்பர் 22-க்கு முன் 28 விழுக்காடாக இருந்தது. பழைய பில்லுக்குத் திருப்பல் வந்தால் மட்டும் அதை நினைவில் வையுங்கள். ஆகவே எவ்வளவு என்பதில் குழப்பம் இல்லை, எந்தப் பெயரில் என்பதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் விற்றால் அந்த 18, ஒன்பது ஒன்பதாக சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பிரியும். கேரளத்துக்கு விற்றால் 18-ம் ஒரே ஐ.ஜி.எஸ்.டி. ஆகும். வாங்குகிறவர் கொடுக்கும் தொகை ஒன்றுதான் என்பதால் தவறினால் அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. மாதம் முடிந்து கணக்குத் தாக்கல் செய்த பிறகு தெரியும். அப்போது சரியான வரியை நாம் புதிதாகக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திருப்பித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். வட்டி கிடையாது என்பது ஓர் ஆறுதல், ஆனால் அண்ணாச்சியின் பணம் அத்தனை மாதம் முடங்கும்.

மாநிலத்தை எப்படி முடிவு செய்வது? ஜி.எஸ்.டி. எண் உள்ளவரா, இல்லாதவரா என்று முதலில் பிரியுங்கள். எண் 15 எழுத்துகள் கொண்டது, அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலம். 33 தமிழ்நாடு, 32 கேரளம். எண்ணைத் தொலைபேசியில் கேட்டு எழுதாதீர்கள். பி என்றும் டி என்றும் கேட்கும், சுழியமும் ஓ எழுத்தும் கலக்கும். பதிவுச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஜி.எஸ்.டி. தளத்தில் `Search Taxpayer` என்ற இடத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் பொருந்தி, நிலை `Active` என்று இருந்தால் டாலியில் கணக்குத் திறக்கலாம். கணக்குத் திறக்கும்போது `State` என்ற இடத்தில் தமிழ்நாடு முன்னதாகவே வந்து நின்றால் யோசிக்காமல் `Enter` தட்டிவிடாதீர்கள். அங்கே தவறினால் அந்த ஆளுக்குப் போடும் ஒவ்வொரு பில்லும் தவறும்.

32 எண் கொண்டவர் சரக்கைக் கேரளத்தில் இறக்கச் சொன்னால் ஐ.ஜி.எஸ்.டி., இதில் பேச்சே இல்லை. அவரே நம்மைப் புளியரையில் உள்ள இன்னொருவர் இடத்தில் இறக்கச் சொன்னாலும் ஐ.ஜி.எஸ்.டி.தான். சரக்கு எல்லையைத் தாண்டவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். வாங்குகிறவர் சொல்லி இன்னொருவரிடம் இறக்கும்போது, சரக்கு வாங்கியவரின் தொழிலிடத்துக்கே போனதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. டாலியில் `Buyer (Bill to)` என்ற இடத்தில் கேரளக்காரரும் `Consignee (Ship to)` என்ற இடத்தில் புளியரைக்காரரும் வருவார்கள். `Place of Supply` கேரளம் என்றே இருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. எண் இல்லாதவர், அதாவது சொந்த வீடு கட்டுகிறவர், நம் கடைக்கு நிறைய வருகிறார். 2023 அக்டோபர் 1 முதல் இவர்களுக்கு ஒரு தெளிவான விதி இருக்கிறது. பில்லில் எழுதிய முகவரி எந்த மாநிலமோ அதுவே விற்பனை இடம். முகவரி எழுதாமல் கல்லாவில் ரொக்கத்துக்கு வாங்கிப் போனால் நம் கடை இருக்கும் மாநிலம். ஆகவே ஆரியங்காவுக்காரர் ஒருவர் இரண்டு கிலோ ஆணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனால் சாதாரணத் தமிழ்நாட்டு பில் போதும். அவரே வீட்டுக்குக் கம்பி இறக்கச் சொன்னால் அந்த வீட்டு முகவரியை மாநிலப் பெயரோடு எழுதி ஐ.ஜி.எஸ்.டி. போடுங்கள். சிலர் தென்காசியில் உள்ள மாமனார் வீட்டு முகவரியைச் சொல்வார்கள். சரக்கு இறங்கும் முகவரியைத்தான் எழுத வேண்டும். பில் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பெயரும் முகவரியும் எழுதாமல் விடவே கூடாது.

ஒரே ஒரு வகைக்கு மட்டும் நீங்களாக பில் போடாதீர்கள். 33 எண் வைத்திருக்கும் தென்காசி ஒப்பந்தக்காரர், கேரளத்தில் தனக்குக் கிடைத்த வேலைக்கு அங்கேயே சரக்கை இறக்கச் சொன்னால், ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு போட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் பதினொரு ஆண்டுக்குப் பிறகும் அப்படித்தான் செய்கிறேன்.

இதுவரை சொன்னதை ஒரே ஆர்டரில் காட்டுகிறேன். விலைகளைக் கணக்கு எளிதாக வரும்படி வைத்திருக்கிறேன். ஆரியங்காவில் 32 எண் கொண்ட ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் கேட்பது: 10 எம்.எம். 40 கம்பி, 8 எம்.எம். 60 கம்பி, கட்டுக்கம்பி 10 கிலோ, நான்கங்குலக் குழாய் 20. நம் வண்டியில் அவர் கட்டடத்தில் இறக்க வேண்டும். சீட்டில் உத்தேச எடை 296 கிலோ, 284 கிலோ. வண்டி வெறுமையாக ஒருமுறை, 10 எம்.எம். ஏறியதும் ஒருமுறை, 8 எம்.எம். ஏறியதும் ஒருமுறை எடைமேடையில் நிற்கிறது. சீட்டுகளைக் கழித்துப் பார்த்தால் 290 கிலோ, 285 கிலோ. வகுத்துப் பார்த்தால் 7.25, 4.75. எண்ணிக்கை சரி.

இரண்டு கம்பிக்கும் கிலோ 60 ரூபாய் என்றால் 575 கிலோவுக்கு 34,500. கட்டுக்கம்பி கிலோ 80 என்று 800. குழாய் ஒன்று 600 என்று 12,000. கூட்டினால் 47,300. ஐ.ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு 8,514. பில் தொகை 55,814.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். எல்லை தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் வேண்டும். வாய்மொழியாக விலை பேசியபோது 47,300 என்று பேசியிருப்பீர்கள். அண்ணாச்சியும் "ஐம்பதுக்குள்தானே, வண்டியை விடு" என்பார். ஆனால் அந்த 50,000 வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய தொகை. 55,814-க்கு இ-வே பில் கட்டாயம். 18 விழுக்காடு சரக்குக்கு நான் மனதில் வைத்திருக்கும் எண் 42,300. வரிக்கு முன் தொகை அதைத் தாண்டிவிட்டால் இ-வே பில் தளத்தைத் திறந்துவிடுவேன். தமிழ்நாட்டுக்குள் மட்டும் போகும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம். தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் அனுப்பிப் பழகிய கை, புளியரை தாண்டும்போதும் அந்த ஒரு லட்சத்தையே நினைத்துக்கொள்ளும். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். ஆரியங்காவு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் எல்லை எல்லைதான்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எல்லையில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. அதனால் யாரும் பார்ப்பதில்லை என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். இப்போது சாலையில் எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திக் கேட்கிறார்கள். இ-வே பில் இல்லாமல் பிடிபட்டால் சரக்கின் சொந்தக்காரர் கட்ட வேண்டிய தண்டத்தொகை வரியைப் போல இரண்டு மடங்கு. நம் கணக்கில் 17,028 ரூபாய். அதைக் கட்டும் வரை வண்டியும் சரக்கும் அங்கேயே நிற்கும்.

இ-வே பில்லின் முதல் பகுதியில் பில் விவரம், இரண்டாம் பகுதியில் வண்டி எண். தளத்துக்குள் நுழைய வரும் ஓ.டி.பி. அண்ணாச்சியின் கைபேசிக்குப் போகும். அவர் மதியம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்துக்கு முன்பே பெரிய பில்களை முடித்துவிடுங்கள். வண்டி எண்ணை ஓட்டுநரிடம் கேட்காமல் வாசலில் போய்ப் பார்த்து எழுதுங்கள். காலையில் ஒரு வண்டி என்று சொல்லியிருப்பார்கள், அதில் டயர் இறங்கியிருக்கும், ஏற்றியது வேறு வண்டியில் இருக்கும். வழியில் வண்டி மாறினால் இரண்டாம் பகுதியில் புதிய எண்ணைச் சேர்க்க வேண்டும், ஓட்டுநர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள் செல்லும், புனலூர் வரை போய்வர அது தாராளம். ஆர்டர் ரத்தாகி வண்டி கிளம்பவே இல்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் தளத்தில் ரத்து செய்துவிட வேண்டும், அதன் பிறகு முடியாது.

பில்லில் தவறு நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: சரக்கு வாசலைத் தாண்டிவிட்டதா? தாண்டவில்லை என்றால் அந்த பில்லை `Alt+X` அழுத்தி ரத்து செய்துவிட்டு, அடுத்த எண்ணில் புதிய பில் போடுங்கள். `Alt+D` பக்கம் கை போகவே கூடாது. அது பில்லை அடியோடு அழித்துவிடும், எண் வரிசையில் ஓட்டை விழும். ரத்தானவை எத்தனை என்பதையும் மாதக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கிறது. அழித்த எண்ணுக்குப் பதில் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

சரக்கு போய்ச் சேர்ந்து, பிறகு நான்கு குழாய் உடைந்திருக்கிறது என்று திரும்பி வந்தால் பழைய பில்லில் கை வைக்காமல் `Alt+F6` அழுத்தி கிரெடிட் நோட் போடுங்கள். அசல் பில்லின் எண்ணும் தேதியும் அதில் வர வேண்டும். அசல் பில் ஐ.ஜி.எஸ்.டி. என்றால் இதுவும் ஐ.ஜி.எஸ்.டி.யாக இருக்க வேண்டும். திரும்பிய குழாய் கிட்டங்கிக்குள் நுழைந்து, அங்கிருப்பவர் சீட்டில் கையெழுத்து போட்ட பிறகே கிரெடிட் நோட். வாடிக்கையாளர் தொலைபேசியில் "நான்கு உடைந்துவிட்டது" என்று சொன்னதும் போட்டுவிட்டால், வந்து சேர்வது மூன்றாக இருக்கும்.

கேரளத்து வாடிக்கையாளர்கள் மாதம் 14-ஆம் தேதிக்குப் பிறகு தங்கள் கணக்கில் நம் பில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாம் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் அது அங்கே தெரியும். அதனால் மாதம் 5-ஆம் தேதி வாக்கில், 32-இல் தொடங்கும் எண்களுக்குப் போட்ட பில்களை மட்டும் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐ.ஜி.எஸ்.டி. இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். முப்பது நாற்பது பில் இருக்கும், அரைமணி நேரம் ஆகும். அதற்குப் பிறகே ஆடிட்டருக்கு அனுப்புங்கள்.

தினமும் மாலை ஏழு மணிக்கு நிலுவை ஆர்டர் பட்டியலை அச்செடுத்து, கிட்டங்கிக் கதவின் உள்பக்கம் இருக்கும் ஆணியில் மாட்டுங்கள். முந்தைய நாள் தாளைக் கழற்றி வந்து நம் கீழ்ப் படிகளோடு ஒப்பிடுங்கள். சீட்டில் இருந்து தாளில் இல்லாதது, டாலியில் ஏற மறந்த ஆர்டர். தாளில் இருந்து, பில்லும் ஆகிவிட்டது என்றால், ஆர்டர் எண்ணைச் சேர்க்க மறந்த பில்.

நான் எழுந்து போகும் நாளில் நிலுவையில் நிற்பவை மூன்று. தென்மலை ஆர்டரில் நான்கங்குலக் குழாய் 12 பாக்கி, புதன்கிழமை லாரி வந்ததும் அனுப்ப வேண்டும். புளியரை வீட்டுக்காரருக்கு 12 எம்.எம். கம்பி 15 பாக்கி, அவர் தளம் போடும் தேதியைச் சொன்ன பிறகுதான் ஏற்ற வேண்டும், அதற்கு முன் இறக்கினால் மழையில் துருப்பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாவது, குளத்தூப்புழையிலிருந்து வந்த புதிய ஆர்டர். ஜி.எஸ்.டி. சான்றிதழ்ப் படம் இன்னும் வரவில்லை, அதனால் டாலியில் கணக்குத் திறக்காமல் வைத்திருக்கிறேன். சீட்டு, கட்டின் மேலேயே இருக்கிறது.